டிவி எந்தச் சனலில் நிற்கிறது என்று மீற்றருக்கு எப்படித் தெரிந்தது?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முந்தி டிவியிலை 'அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சி' எண்டு விளம்பரம் போடுவினம். எங்கட ஒழுங்கையிலை ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. அப்ப ஆர் எண்ணினது?"

நியாயமான கேள்விதான். இன்று இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்தால், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதுகூட அனுப்பியவருக்குத் தெரியும். அன்ரனாக் காலத்தில் அப்படி இல்லை. கோபுரம் அலையை வீசும், அதோடு சரி. அதைப் பத்து வீடுகள் பிடித்தாலும் பத்து லட்சம் வீடுகள் பிடித்தாலும் கோபுரத்துக்கு ஒன்றும் திரும்பி வராது. அதனால் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்தார்கள். டிவி உள்ள வீடுகளில் நூற்றுக்கு எத்தனை ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தன என்பதுதான் றேற்றிங். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே இங்கும் கணக்கு. பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மலிவான வழி நாட்குறிப்பு. தேர்ந்தெடுத்த வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான சிறு புத்தகம் ஒன்று போகும். ஒவ்வொரு பக்கத்திலும் நாளைக் கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக் கட்டம் போட்டிருப்பார்கள். எந்தச் சனல், என்ன நிகழ்ச்சி, வீட்டில் யார் யார் பார்த்தார்கள் என்று நிரப்பித் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனம் உள்ளூர் நிலையங்களுக்கு 1950களில் தொடங்கி 2018 வரை இதைப் பயன்படுத்தியது.

இதில் எங்கே பிழைக்கும் என்று பார்க்க, எங்கள் ஊர் வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் பெரும்பாலும் அம்மாவின் பொறுப்பில்தான் இருக்கும். அன்றன்றைக்கு எழுதவேண்டியதை அவர் ஞாயிறு இரவு ஒரேயடியாக இருந்து எழுதுகிறார். வழக்கமாகப் பார்க்கும் தொடர்நாடகம் ஐந்து நாளும் பதிவாகிவிடும். புதன்கிழமை கரண்ட் போனதோ, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதோ அந்த நேரம் ஞாபகத்துக்கு வராது. அப்பா இடையில் பத்து நிமிடம் வேறு சனலில் செய்தி பார்த்ததும், மகன் பின்னிரவில் தனியாகப் பார்த்த மச்சும் புத்தகத்தில் இல்லை. பேர்பெற்ற நிகழ்ச்சிக்குக் கூடுதலாகவும் சிறிய சனலுக்குக் குறைவாகவும் விழுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஞாபகம் வேலை செய்கிற விதம் அப்படி. இதோடு நிலையங்களின் கைவரிசையும் சேர்ந்தது. அமெரிக்காவில் நாட்குறிப்பு எடுத்த பெரிய மாதங்கள் பெப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மாதங்கள் வந்தால் நல்ல படங்களும் பரபரப்புச் செய்திகளும் வரிசையில் நின்றன. அளக்கிற நாளில் மட்டும் உடம்பைக் குறைத்துக்கொண்டு தராசில் ஏறுகிறவரை என்ன செய்வது!

மனித ஞாபகத்தை நம்பாமல் இயந்திரத்தை நம்பலாம் என்ற யோசனை டிவிக்கும் முந்தியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருவர் செய்த ஒரு கருவியை நீல்சன் நிறுவனத்தைத் தொடங்கிய ஆதர் நீல்சன் 1936 இல் வாங்கி, வானொலிக்குப் பயன்படுத்தினார். ஓடிமீற்றர் என்று பெயர். எந்த நிலையம் ஓடுகிறது என்று அது தானாகவே பதிந்துகொள்ளும். டிவி வந்தபின் அதுவும் டிவிக்கு மாறியது. ஒரு கட்டத்தில் பதிவுகள் சிறு படச்சுருளில் விழுந்தன. வீட்டுக்காரர் புதிய சுருளைப் போடும்போது இரண்டு கால் டொலர் நாணயங்கள் வெளியே விழும். பழைய சுருளைத் தபாலில் சேர்ப்பிக்க அது லஞ்சம் என்றும் சொல்லலாம், கூலி என்றும் சொல்லலாம்.

சரி, டிவி எந்தச் சனலில் நிற்கிறது என்று பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு எப்படித் தெரியும்? தொடக்கத்தில் சனல் திருகியோடு நேரடியாக இணைத்தார்கள். பிறகு வந்த வழி என்னை மிகவும் கவர்ந்தது. டிவியே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்ரனாவில் எல்லாச் சனல்களும் ஒரேநேரத்தில் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் அதிர்வெண்ணிலேயே பெருக்கி வடிகட்டுவது சிரமம். ஆகவே டிவிக்குள் ஒரு சிறு அலையாக்கி உண்டு. அது தன் சொந்த அலை ஒன்றை உண்டாக்கி, வரும் அலையோடு கலக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக இருக்குமாறு வைத்தால், அதற்குப் பிறகு உள்ள சுற்றுகள் எல்லாம் அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்திருந்தால் போதும். எங்கள் பக்கத்து டிவிகளில் அந்த எண் பெரும்பாலும் 38.9 மெகாஹேர்ட்ஸ். சனல் 5 இன் படம் 175.25 மெகாஹேர்ட்ஸில் வருகிறது. அதைப் பார்க்கவேண்டுமானால் உள்ளே இருக்கும் அலையாக்கி 214.15 இல் ஓட வேண்டும். சனல் 6 இன் படம் 182.25 இல், அப்போது அலையாக்கி 221.15 இல். நீங்கள் சனலை மாற்றுவது என்பது உண்மையில் இந்த அலையாக்கியை மாற்றுவதுதான்.

அந்த அலை பெட்டிக்குள் முழுமையாக அடைபட்டிருப்பதில்லை, கொஞ்சம் வெளியே கசியும். சனல் தெரிவு செய்யும் பகுதிக்கு அருகே ஒரு சிறு உணர்கருவியை வைத்து, கசியும் அலை என்ன அதிர்வெண் என்று பார்த்தால் போதும். 214.15 என்றால் சனல் 5. அலை இல்லையென்றால் டிவி அணைந்திருக்கிறது. பார்க்கிறவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. பிரித்தானியாவில் லைசென்ஸ் கட்டாதவர்களைத் தேடித் தெருத்தெருவாகப் போன வான்களில் சிலவும் இதே கசிவைத் தேடின.

டெக் வந்ததும் இந்த அழகான ஏற்பாடு தடுமாறியது. டெக்கில் இருந்து வரும் படம் டிவிக்குள் ஒரு குறித்த சனலாக, பெரும்பாலும் 36 ஆக, நுழையும். டெக்கில் ஓடுவது வாடகைக் கசற்றா, நேற்றுப் பதிந்த நிகழ்ச்சியா, டெக்கின் சொந்தத் தெரிவானில் வந்த வேறொரு சனலா என்று டிவியின் கசிவு சொல்லாது. "36" என்று மட்டுமே சொல்லும். 80களில் ஒரு டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த எங்கள் வீடுகளில் இந்த மீற்றர் இருந்திருந்தால் பதிவு முழுக்க 36 ஆகத்தான் நின்றிருக்கும். கேபிள் பெட்டியிலும் இதே கதைதான். அதிலும் கேபிள்காரர் ஒரு சனலை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றிவிட்டு அளவிடுபவருக்குச் சொல்லாமல் விட்டால், ஒரு சனலின் பார்வையாளர்கள் அடுத்த சனலின் கணக்கில் ஏறிவிடுவார்கள். பிற்காலத்தில் நிகழ்ச்சியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத அடையாளக் குறியைப் பதித்து, அதை மீற்றர் கேட்டு அறியும் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஓடிமீற்றருக்கு டிவியை மட்டுமே தெரியும், ஆட்களைத் தெரியாது. முன்னால் பாட்டி நித்திரையாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். விளம்பரதாரருக்கு வேண்டியதோ பார்க்கிறவரின் வயதும் பாலினமும். அதனால் அமெரிக்காவில் சுமார் 1,700 வீடுகளின் மீற்றர் எண்களையும், வேறு வீடுகளின் நாட்குறிப்புகளையும் சேர்த்துத்தான் நெடுங்காலம் நாட்டுக் கணக்கைச் செய்தார்கள். 1987 செப்டெம்பரில் அங்கே பீப்பிள் மீற்றர் வந்தது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். பார்க்க இருக்கும்போது அமத்த வேண்டும், எழும்பிப் போகும்போது மறுபடி அமத்த வேண்டும். விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு பொத்தான், கூடவே வயதும் பாலினமும். இடைக்கிடை விளக்கு மின்னி "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும்.

ஞாபகப் பிழை போனது, களைப்பு வந்தது. முதல் வாரம் ஆர்வமாக அமத்தியவர்கள் மாதங்கள் போகப் போக விட்டுவிடுகிறார்கள். சிறுவர்கள் அமத்துவதே குறைவு. சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் எண்கள் புதிய மீற்றரில் இறங்கியபோது, பிள்ளைகள் டிவியை விட்டுப் போய்விட்டார்களா, பொத்தானைத்தான் விட்டார்களா என்று சண்டை வந்தது. 1990 இன் தொடக்கத்தில் மொத்தப் பார்வையே விழுந்ததாக மீற்றர் காட்டியபோது, பெரிய வலையமைப்புகள் மீற்றரைத்தான் சந்தேகித்தன. எண் ஏறும்போது இப்படிச் சந்தேகித்த நிலையம் எதையும் நான் வாசித்ததில்லை.

மாதிரியின் அளவிலும் சண்டைக்கு இடம் உண்டு. நாடு முழுக்க 1,200 வீடுகளில் மீற்றர் இருக்கிறது, ஒரு நிகழ்ச்சிக்கு றேற்றிங் 10 என்று வைப்போம். கணித விதிப்படி உண்மை 8.3 க்கும் 11.7 க்கும் இடையில் இருக்கலாம். பரவாயில்லை. இப்போது அந்த 1,200 இல் யாழ்ப்பாணத்துக்கு 60 வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 10 என்றால் வெறும் ஆறு வீடுகள். உண்மை 2 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் மட்டும் றேற்றிங் 1.7 புள்ளி விழும். தமிழ்ச் சனல்கள் இரண்டு அரைப் புள்ளி வித்தியாசத்தில் "நாங்கள்தான் முதலிடம்" என்று மோதுவதை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

வீடுகள் குறைவாக இருப்பதால் அவற்றைக் கண்டுபிடித்துக் கெடுப்பதும் சுலபம். 2001 இல் மும்பையில் மீற்றர் வீடுகளின் முகவரிகள் வெளியே கசிந்து பெரிய அமளியானது. 2020 இல் அதே நகரத்தில், சில வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறித்த சனல்களைப் போட்டுவைக்கச் சொன்னதாகப் பொலிஸார் வழக்குப் போட்டார்கள். அதன் பின் செய்திச் சனல்களின் றேற்றிங் 2022 மார்ச் வரை வெளியாகவில்லை. இப்படிப்பட்ட வீட்டைப் பதிவிலேயே சந்தேகிக்கலாம். ஒரே சனல் மணிக்கணக்காக ஓடும், யாரும் மாற்றமாட்டார்கள், பொத்தான்கள் தினமும் ஒரே நேரத்தில் அமத்தப்பட்டிருக்கும். அப்படியான வீடுகளைக் கணக்கிலிருந்து நீக்குவார்கள். நீக்கினால், "எங்கள் உண்மையான ரசிகரை ஏன் நீக்கினாய்?" என்று அடுத்த வழக்கு.

எங்கள் ஊர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரமான கம்பம் நட்டுத் தூரதர்சன் பிடித்தவர்கள் இங்கே நிறைய. இந்தியாவின் அளவீட்டு வீடுகள் இந்தியாவில்தான் இருந்தன. ஆகவே தூரதர்சனின் கணக்கில் யாழ்ப்பாணம் பூச்சியம். இலங்கையின் எந்தக் கணக்கிலும் அது அந்நியச் சனல். 90களில் மின்சாரமே இல்லாமல் ஒரு வீட்டு ஜெனரேற்றரைச் சுற்றி அயலெல்லாம் கூடியிருந்து படம் பார்த்த காலத்துக்கு எந்தப் பொத்தான் பெட்டியும் போதாது.

மீற்றரைச் சரிபார்க்க ஒரு பழைய, மலிவான வழி இருக்கிறது. வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த நிமிடம் டிவி ஓடுகிறதா? எந்தச் சனல்? யார் முன்னால் இருக்கிறார்கள்?" என்று கேட்பது. ஞாபகத்துக்கும் பொத்தானுக்கும் அதில் வேலையில்லை. வானொலிக் காலத்திலேயே அமெரிக்காவில் செய்தார்கள், பிறகு மீற்றர்களைச் சோதிக்கவும் பயன்படுத்தினார்கள். ஒரு மாலையில் 400 வீடுகள் பதில் சொன்னால், பிழை ஐந்து புள்ளிக்குள் அடங்கும். டிவி ஓடுகிற வீடுகள் எத்தனை என்று மீற்றர் சொல்வதைச் சோதிக்க அது போதும். றேற்றிங்குக்குக் காசு கொடுப்பவர்கள் சனல்களும் விளம்பரதாரரும்தான். அவர்களின் எண்ணை அவர்களே சோதிப்பார்கள் என்று காத்திருப்பதைவிட, பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் மாணவர்களுக்குத் தொலைபேசிக் கட்டணத்தைக் கொடுத்து இதைச் செய்விக்கலாம் என்பது என் கருத்து. அளக்கிற நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்கள் எடுத்தால்தான் அந்த 400 பதிலுக்கும் மதிப்பு.