விடை வந்துவிட்டதா? அதற்காக எண் சரி என்று ஆகாது

தேர்வு நெருங்கினால் இரவு பத்து மணிக்கு மேல்தான் என் வாட்ஸ்அப்பில் கணக்குத் தாள்கள் வந்து குவியும். எல்லாம் தாளின் மேல் கை நிழல் விழ, அவசரமாக எடுத்த படங்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். “எண் மங்கலாகத்தான் இருந்தது சார், ஆனால் விடை முழு எண்ணாக வந்துவிட்டது, அதனால் சரியாகத்தான் இருக்கும்” என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த வாரம் வந்த கணக்கையே பாருங்கள். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு. x² − 8x + 1 வரை தெளிவாக இருக்கிறது. அந்த 1-ஐ அடுத்து ஒரு கறுப்புத் திட்டு. அது 5, 6, 8 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மாணவன் 15 என்று வைத்தான். மூலங்கள் 3, 5. அழகாக வந்துவிட்டது! சரி, 16 என்று வைத்துப் பாருங்கள். (x − 4)², மூலம் 4. இதுவும் அழகுதான். அப்படியென்றால் அழகு எதை நிரூபித்தது? 18 என்றால் தன்மைகாட்டி 64 − 72 = −8, மெய்யெண் மூலங்களே இல்லை. வினா ‘காரணிப்படுத்தித் தீர்க்க’ என்றிருந்தால் 18-ஐ மட்டும் நீக்கலாம். ‘மூலங்களின் தன்மையை ஆராய்க’ என்றிருந்தால் அதையும் நீக்க முடியாது. 15-ஆ 16-ஆ என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. தாள்தான் சொல்ல வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கினால் திட்டுதான் பெரிதாகும். அதே தாளில் அதே அச்சில் தெளிவாக விழுந்த 5, 6 எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள்; வினா எண்களில் பெரும்பாலும் கிடைக்கும். 5-க்கு மேலே தட்டையான கோடும் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் திறப்பும் இருக்கும். இரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளை வடிகட்டியை நம்பவே வேண்டாம். அது அந்தத் திறப்பை அடைத்து 5-ஐ 6 ஆக்கிக் கொடுத்துவிடும்.

குறிகளில் இன்னும் கவனம் தேவை. எடுக்கும்போது கை பக்கவாட்டில் அசைந்தால் கூட்டல் குறியின் செங்குத்துக் கோடு கரைந்து அது கழித்தலாகத் தெரியும். அந்த வரியில் உள்ள 1-களும் அகலமாகக் கரைந்திருந்தால், கழித்தல் குறி எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் “இது 15 தானே?” என்று கேட்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்றுதான் சொல்வான். “தாளைப் பார்த்து அந்த வரியைப் படி” என்று சொல்லுங்கள். எனக்கு அனுப்பும்போது சமன்பாட்டைக் கீழே தட்டச்சு செய்யுங்கள். படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். தாள் கையில் இல்லையென்றால் அந்தக் கணக்கை இன்றிரவு போட வேண்டாம், அடுத்ததற்குப் போகட்டும்.