ட்ரோன் படத்தில் இட்டேரி தெரியாது

கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக இருக்கிறது எங்கள் ஊர். நூலகச் சுவரில் மாட்ட ஊருக்கு ஒரு மேப் வேண்டும் என்று கேட்டார்கள். நீள அகலம் 3 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர்தான் வரும். ஏ3 தாளில் 1:8000 அளவில் வரைந்தால் ஓரத்தில் இடம் விட்டே அடங்கிவிடும். அதாவது தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 8 மீட்டர். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் அதிலிருந்தே வரும்.

முதலில் ட்ரோனை 100 மீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாகப் பறக்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று முக்கால்வாசி படியும்படி ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தோம். ஒரே படமாக எடுத்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. கேமராவுக்கு நேர் கீழே இருப்பது மட்டும்தான் படத்தில் நேராக நிற்கும், ஓரத்தில் இருப்பதெல்லாம் வெளிப்பக்கமாகச் சாயும். எங்கள் ஊர் தண்ணீர் டேங்க் 20 மீட்டர் உயரம் என்று வையுங்கள். அது ட்ரோனுக்குக் கீழிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றால், அதன் உச்சி படத்தில் 50 மீட்டர் தள்ளி இருப்பதுபோல் விழும். 10 மீட்டர் பொய். பக்கத்து வீட்டுக் கூரை அந்த டேங்குக்கு அடியில் மறைந்தே போகும். ஒரே இடத்தைப் பல கோணத்தில் எடுத்திருந்தால், எது எவ்வளவு உயரம் என்று மென்பொருள் கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய இடத்துக்கு நகர்த்திவிடும். அப்படிக் கிடைக்கும் படத்தில் அளவுகோல் வைத்து அளக்கலாம். எங்கேயாவது தவறியிருந்தால் கண்ணுக்கே தெரியும்: நேரான காம்பவுண்டு சுவர் நெளிந்திருக்கும், ஒரே டிராக்டர் இரண்டு இடத்தில் நிற்கும்.

அடுத்து நான் செய்தது தப்பு. வண்ணங்களை ஏழாகக் குறைத்துவிட்டால் மேப் ஆகிவிடும் என்று நினைத்து, படத்தை அப்படியே கணினியில் போட்டுக் குறைத்தேன். வந்ததைப் பார்த்தால் ஊரே மாறியிருந்தது. தார் ரோடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒரே சாம்பல் நிறம். ஓட்டு வீடும் செம்மண் காடும் ஒரே சிவப்பு. ஒவ்வொரு தென்னந்தோப்புக்குப் பக்கத்திலும் ஒரு கறுப்புக் குளம். அது நிழல். காலை 8 மணிக்கு எடுத்த படம், நிழல் நீளமாகத்தான் இருக்கும். பெரிய வேடிக்கை எங்கள் குளம்தான். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்ததால் அது நெல்வயலோடு சேர்ந்துவிட்டது. நிறத்தை வைத்து அது என்ன என்று சொல்ல முடியாது என்று அப்போது புரிந்தது. பிறகு ஒவ்வொன்றையும் கையால் கோடு போட்டுப் பிரித்து, இது ரோடு, இது நீர், இது வயல் என்று பெயர் கொடுத்த பின்னால்தான் வண்ணம் பூசினேன். குளத்துக்கு நீலம். நெல்வயலுக்கு ஒரே வெளிர்பச்சை, அறுவடை முடிந்து அது பழுப்பாகக் கிடந்தாலும் சரி.

ரோட்டுக்கு வருவோம். ரோட்டின் இரண்டு ஓரத்தையும் வரையக்கூடாது. நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு, அது எந்த வகை ரோடு என்று குறித்துக்கொண்டு, அகலத்தை வகைக்கு ஏற்ப நாமே கொடுக்க வேண்டும். மெயின் ரோடு தரையில் 7 மீட்டர், கணக்குப்படி தாளில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. 3 மீட்டர் சந்து 0.4 மில்லிமீட்டர்கூட வராது, சுவரில் மாட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் மெயின் ரோட்டை 2 மில்லிமீட்டராகவும் சந்துகளை 0.8 மில்லிமீட்டராகவும் அகலமாக்கினேன்.

படத்தைப் பார்த்து வரைந்த கோட்டில் தேவையில்லாத சின்னச் சின்ன நெளிவுகள் நிறைய இருக்கும். அதைக் குறைக்க 1973-இல் கனடாவில் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் பெரும்பாலான மேப் மென்பொருள்களில் இருக்கிறது. ரோட்டின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலிலிருந்து அதிகம் விலகி நிற்கும் வளைவு எது என்று பார்க்க வேண்டும். அந்த விலகல் நாம் வைத்த அளவைத் தாண்டினால், அந்த இடத்தில் ஓர் ஆணி அடித்து, நூலை இரண்டாகப் பிரித்து, மறுபடி அதையே செய்ய வேண்டும். தாண்டாவிட்டால் நடுவில் உள்ள நெளிவெல்லாம் போகட்டும். நான் வைத்த அளவு தரையில் 2.4 மீட்டர், அதாவது தாளில் 0.3 மில்லிமீட்டர். ஆர்வத்தில் 15 மீட்டர் வைத்துப் பார்த்தபோது மாரியம்மன் கோயில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது! இன்னொன்று, சந்திப்புகளை முதலிலேயே கட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் மெயின் ரோடு நேராகும்போது பக்கத்துச் சந்து அதைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

ரோட்டை அகலமாக்கினால் அது பக்கத்தில் இருப்பதை இடிக்கும். எங்கள் ஊரில் அது வாய்க்கால் கரையில் நடந்தது. நாங்கள் அளந்த இடத்தில் ரோடு 7 மீட்டர், கரை 3 மீட்டர், வாய்க்கால் 10 மீட்டர். நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 11.5 மீட்டர், தாளில் சுமார் 1.4 மில்லிமீட்டர்தான். ஆனால் 2 மில்லிமீட்டர் ரோட்டையும் 1.5 மில்லிமீட்டர் நீலக் கோட்டையும் சிறு இடைவெளியோடு வரைய 2.1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஒன்று நகர்ந்தே ஆக வேண்டும். இதில் நீர்நிலையை அசைக்காமல் ரோட்டை நகர்த்துவதுதான் வழக்கம். 0.7 மில்லிமீட்டர் தள்ளினேன், தரையில் கிட்டத்தட்ட 6 மீட்டர். ரோட்டோடு அந்தப் பக்கத்து வீடுகளும் தள்ளிப்போயின. எந்த வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் மாறவில்லை, எனக்கு அது போதும்.

எல்லாம் முடித்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தோம். டீக்கடையில் மேப்பை விரித்தபோது ஒரு தோட்டத்துப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, எங்க இட்டேரி எங்கீங்?" என்று கேட்டார். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டிப்பாதை. நான் அவசரமாக லேப்டாப்பில் படத்தைத் திறந்தேன். அவர் காட்டிய இடத்தில் பாதை எதுவும் இல்லை, ஒரு தடித்த பச்சைக் கோடுதான். வயல் வேலி என்று விட்டிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு வரிசைக் கிளுவை வேலிக்கு நடுவே மெல்லிய இருட்டு. மேலே வேப்பமரம் கவிந்திருந்தது. "மாட்டு வண்டி போச்சு, இப்ப டிராக்டரே போகுதுங்" என்றார்.

அன்று சாயந்திரம் செல்போனில் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு அந்த இட்டேரியில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தேன். மரத்தடியில் ஜிபிஎஸ் கோடு அங்கங்கே சில மீட்டர் தாவியது. அதனால் அதை அப்படியே எடுக்காமல், படத்தில் இருந்த பச்சைக் கோட்டின் நடுவில் பொருத்தினேன். மேப்பில் அது பழுப்பு நிறப் புள்ளிக்கோடு. அதே மாதிரி பச்சைக் கோடுகளை ஊர் முழுக்கத் தேடி, பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டதில் இன்னும் நான்கு இட்டேரி கிடைத்தது. ஐந்தாவது ஒன்றைக் காட்டினேன். "அது வெறும் வேலிங்" என்றார்.