99.5 சதவீதம் இருக்கட்டும், கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை ஆலை அலுவலகங்களுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். இணைய இணைப்புக்கான சேவைத்தர ஒப்பந்தமான எஸ்எல்ஏ-வைப் பிரித்ததும் எல்லாரும் "மாதம் 99.5 சதவீதம் இணைப்பு இருக்கும்" என்ற வரியைக் கண்காணிப்புத் தாளில் எழுதிவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு லைன் போனதற்காகக் கட்டணத்தில் ஒரு சென் கழிவுகூட வாங்க முடியாது.

முதலில் அதை நிமிடமாக்குங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம், அதில் அரை சதவீதம் 216. அப்புறம் விளக்கப் பிரிவுக்கும் பின்னிணைப்புக்கும் போய், தடங்கல் எந்த நொடியிலிருந்து எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாது என்று தேடி, பிரிவு எண்ணோடு தாளில் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பல ஒப்பந்தங்களில் நாம் புகார் கொடுத்து டிக்கெட் எண் வாங்கிய பிறகுதான் கடிகாரமே ஓடும்.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். மாதக் கட்டணம் 1,200 ரிங்கிட், 99.5-க்குக் கீழே போனால் 5 சதவீதக் கழிவு, 99-க்குக் கீழே போனால் 10. காலை 5.50-க்கு லைன் போய்விட்டது, எடைமேடையில் லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, ஆனால் அலுவலகம் திறந்து 8.40-க்குத்தான் புகார் போகிறது. 11.10-க்குச் சரியாகிறது. நமக்கு 320 நிமிடம், ஒப்பந்தத்துக்கு 150. இன்னொரு நாள் இரவு பராமரிப்பு என்று 120 நிமிடம் நிறுத்தினார்கள்; ஐந்து வேலை நாள் முன்னறிவிப்பு தந்திருந்தால் அது கணக்கில் வராது, இரண்டு நாள்தான் தந்தார்கள், அதனால் வரும். ஆலையில் கரண்ட் போன 90 நிமிடம் நம் பக்கத்துக் காரணம், அதை எடுத்துவிடுங்கள்.

மொத்தம் 270 நிமிடம், அதாவது 99.375 சதவீதம். கழிவு 60 ரிங்கிட். இரவு ஷிப்ட்டில் இருந்தவரே 5.50-க்குப் போன் போட்டிருந்தால் 440 நிமிடமாகி, 98.98-க்கு இறங்கி, 120 ரிங்கிட் கிடைத்திருக்கும். ஆகவே புகார் கொடுக்கவேண்டிய போன் எண்ணை எடைமேடைச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள். தாளில் சதவீதத்தின் தசமத்தைச் சுருக்காதீர்கள், 99.46-ஐ ஒரே தசமத்தில் காட்டினால் 99.5 என்று தெரியும், தவறியதே தெரியாமல் போகும்.

கழிவு பெரும்பாலும் தானாக பில்லில் வராது. மாதம் முடிந்து 14 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும் என்று இருந்தால், கடைசித் தேதிக்கு ஒரு நெடுவரிசை, அனுப்பிய தேதிக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள்.

60 ரிங்கிட்டுக்கா இவ்வளவு என்று முதலாளி கேட்பார். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் அபராதமின்றி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "தொடர்ச்சியாகத் தவறிய மாதம்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணை அவருக்குக் காட்டுங்கள்.