40 சென்டிமீட்டர் இடைவெளி, 300 மீட்டர் சுற்று

திரையில் பார்த்தால் எல்லாத் தெருக்களும் சேர்ந்துதான் இருக்கின்றன. மெயின் ரோட்டில் வந்து இடதுபக்கம் திரும்பினால் ஒரு தெரு, அதன் பாதியில் நாம் போகவேண்டிய வீடு. ஆனால் கணினியிடம் வழி கேட்டால், அந்தத் திருப்பத்தைத் தாண்டி நேராகப் போகச் சொல்கிறது. அடுத்த தெருவில் ஏறி, பின்பக்கச் சாலையில் சுற்றி, வீட்டுக்கு மறுமுனையிலிருந்து வரச் சொல்கிறது. 110 மீட்டர் தூரம் 410 மீட்டராகிவிட்டது.

அந்தத் திருப்பத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தெரியும்: தெருக்கோடு மெயின் ரோட்டுக் கோட்டைத் தொடவில்லை. 40 சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. செயற்கைக்கோள் படத்தின் மேல் மவுஸால் கோடு இழுத்தவர் கண்ணுக்கு அது தொட்டமாதிரிதான் தெரிந்திருக்கும்.

வழி தேடும் நிரல் படத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் அது எடுத்துக்கொள்வது இரண்டே புள்ளிகள்: தொடக்கம், முடிவு. இரண்டு கோடுகளின் முனைகள் ஒரே புள்ளியில் இருந்தால்தான் அங்கே ஒரு சந்திப்பு உண்டு. ஆகவே தெருமுனை மெயின் ரோட்டின் நடுப்பகுதியை மிகச் சரியாகத் தொட்டிருந்தாலும் போதாது. மெயின் ரோடு அந்த இடத்தில் இரண்டு துண்டாக வெட்டப்பட்டு, அங்கே அதற்கும் ஒரு முனை இருக்கவேண்டும்.

வேறெந்தக் கோட்டின் முனையும் சேராமல் தனித்து நிற்கும் முனையை டேங்கிள் என்பார்கள், தொங்கும் முனை என்று பொருள். அவற்றைப் பிடிப்பது எளிது. எல்லா முனைகளையும் திரட்டி, ஒரே ஒரு முறை வரும் புள்ளிகளைக் கேட்டால் போதும். வரைபடத் தரவைச் சேமித்து அலசும் PostGIS தரவுத்தளத்தில் இப்படி:

```sql
WITH e AS (
  SELECT id, ST_StartPoint(geom) AS p FROM roads
  UNION ALL
  SELECT id, ST_EndPoint(geom) FROM roads
)
SELECT p, min(id) FROM e
GROUP BY p HAVING count(*) = 1;
```

சாலை லேயர், அதாவது `roads` அட்டவணை, பல கோடுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் `MultiLineString` வகையில் இருந்தால் இந்தக் கேள்வி சரியான பட்டியலைத் தராது. முதலில் அதைத் தனிக்கோடுகளாகப் பிரித்துக்கொள்ளவேண்டும்.

வருகிற பட்டியலில் பாதிக்குமேல் பிழையே இல்லாத முனைகளாக இருக்கலாம். முட்டுச்சந்தின் முனையும் தொங்கும் முனைதான், வயல்வெளியில் முடியும் மண்பாதையும் அப்படித்தான். எது பிழை, எது நிஜம் என்று பிரிக்க நான் நம்புவது ஓர் அளவை: ஒவ்வொரு தொங்கும் முனையிலிருந்தும் மிக அருகிலுள்ள வேறு சாலை எவ்வளவு தூரம்? அந்தத் தூரங்களைப் பட்டை வரைபடமாகப் போட்டால் பொதுவாக இரண்டு மேடுகள் தெரியும். கை தவறியவை ஒரு மீட்டருக்குள் குவியும். நிஜமான முட்டுச்சந்துகள் வெகுதூரம் தள்ளிப் பரவும். நடுவில் உள்ள பள்ளத்தில் நம் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற வரம்பு, இருக்கவேண்டும். எல்லா லேயருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது.

வரம்பைக் கூட்டினால் எல்லாம் ஒட்டிவிடும் என்ற ஆசையில் 5 மீட்டர் வைத்துவிடக் கூடாது. முதுகோடு முதுகாக இரண்டு முட்டுச்சந்துகள், நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே 3 மீட்டர்தான் இருக்கும். 5 மீட்டர் வரம்பு ஆம்புலன்சைச் சுவர் வழியாக அனுப்பிவிடும். விட்டுப்போன இணைப்பு சுற்றிப் போக வைக்கும், பொய்யான இணைப்பு போகவே முடியாத இடத்துக்குக் கொண்டுபோகும். என் கணக்கில் இரண்டாவதுதான் மோசமான பிழை.

இன்னொன்று, லேயர் அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்தால் வரம்பும் டிகிரியில்தான் எடுத்துக்கொள்ளப்படும். அங்கே 1 என்று கொடுத்தால் அது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். மீட்டரில் அளக்கும் அமைப்புக்கு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். சென்னைக்கு `EPSG:32644` பொருந்தும்.

இனி நம் தெருவைச் சரிசெய்யலாம். கணக்கு எளிதாக இருக்கச் சின்ன எண்கள் வைத்துக்கொள்வோம். மெயின் ரோடு (எண் 17) (0, 0)இலிருந்து (200, 0) வரை. தெரு (எண் 42) (80, 0.4)இல் தொடங்கி (80, 60) வரை. தெருமுனையை 40 சென்டிமீட்டர் கீழே இழுத்து மெயின் ரோட்டின் மேல் வைப்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் மெயின் ரோடு சாய்வாகப் போகும் நிஜ லேயரில், அப்படி வைத்த புள்ளி தசமப் பிசகால் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே விழுந்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் கோட்டை வெட்டச் சொன்னால் வெட்டாது. அதனால் தலைகீழாகச் செய்கிறோம்: தெருமுனையை அசைக்காமல், மெயின் ரோட்டை அதனிடம் வரவழைக்கிறோம்.

```sql
SELECT (ST_Dump(ST_Split(
         ST_Snap(m.geom, s.p, 1.0), s.p))).geom
FROM roads m,
     (SELECT ST_StartPoint(geom) AS p
      FROM roads WHERE id = 42) s
WHERE m.id = 17;
```

`ST_Snap` மெயின் ரோட்டில் (80, 0.4) என்ற புதிய புள்ளியைச் செருகுகிறது. `ST_Split` அதே புள்ளியில் வெட்டுகிறது. மூன்று முனைகளும் இப்போது கடைசி இலக்கம் வரை ஒன்று. மெயின் ரோடு லேசாக வளைந்துவிட்டதே என்று கவலைப்படவேண்டாம். அதன் மொத்த நீளத்தில் கூடியது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டுக்கு வழி கேட்டால் இப்போது 109.6 மீட்டர் என்று வருகிறது.

வெட்டிய துண்டுகளைப் பழைய கோட்டுக்குப் பதிலாக வைக்கும்போது சாலைப் பெயர், ஒருவழியா என்ற தகவல் இரண்டையும் ஒவ்வொரு துண்டுக்கும் நகலெடுக்கவேண்டும். நீளத்தை மட்டும் நகலெடுக்கக் கூடாது, புதிதாகக் கணக்கிடவேண்டும். இதை மறந்தால் 80 மீட்டர் துண்டும் 120 மீட்டர் துண்டும் தலா 200 மீட்டர் என்றே பதிவில் நிற்கும். இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் வழி மட்டும் விநோதமாக வந்தால், நான் முதலில் பார்ப்பது நீளப் பத்தியைத்தான்.

இந்த முறைக்கு ஒரு பொறி உண்டு. தெருமுனைக்கு ஒரு மீட்டருக்குள் மெயின் ரோட்டின் கடைசி முனையே இருந்தால், `ST_Snap` புதிய புள்ளி செருகாது, அந்த முனையையே நகர்த்திவிடும். ஏற்கெனவே அங்கே சேர்ந்திருந்த மற்ற சாலைகள் கழன்றுவிடும். ஆகவே முனையோடு முனை சேரவேண்டியவற்றை முதலில் ஒட்டிவிட்டு, மிச்சமுள்ள தொங்கும் முனைகளுக்கு மட்டும் மேலே சொன்னதைச் செய்யவேண்டும்.

கோடு தாண்டிப்போன இடங்களில் வேலை குறைவு. குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் வெட்டினால் மறுபக்கம் ஒரு சின்ன வால் மிஞ்சும். ஒரு மீட்டருக்குக் குறைவான வாலாக இருந்தால் நீக்கிவிடலாம்.

ஆனால் குறுக்கிடும் எல்லா இடத்திலும் வெட்டக் கூடாது. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகும் கோடும் கீழே போகும் கோடும் தாளில் குறுக்கிடுகின்றன. அங்கே வெட்டிவிட்டால், பாலத்தின் நடுவில் நின்று கீழே உள்ள சாலைக்குத் திரும்பலாம் என்று கணினி நம்பிவிடும். `bridge`, `layer` போன்ற பத்திகள் இருந்தால் அவற்றைப் பார்த்து, ஒரே மட்டத்தில் உள்ளவற்றை மட்டும் வெட்டவேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இந்தச் சிக்கலே வராமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கே சந்திப்பு என்றால் இரண்டு சாலைகளும் ஒரே கணுவைப் பகிர்ந்துகொள்ளும். பகிராத இடத்தில் வெட்டாமல் விட்டால் போதும்.

முடித்தபின் இரண்டு சோதனைகள் செய்வேன். முதலில், ஒன்றோடொன்று இணைந்த சாலைகளைத் தொகுதிகளாகப் பிரித்துக் காட்டும் `pgr_connectedComponents` ஓட்டிப் பார்ப்பேன். ஒரு பெரிய தொகுதி வரும், கூடவே இரண்டு மூன்று தெருக்கள் மட்டுமே கொண்ட சின்னத் தீவுகள் வரும். அவற்றில் ஆற்றுத்திட்டு போல நிஜமாகவே பிரிந்தவை போக, மற்றவை விட்டுப்போன இணைப்புகள். ஆனால் நம் தெரு இந்தச் சோதனையில் சிக்கியிருக்காது, ஏனென்றால் அது மறுமுனையில் பின்பக்கச் சாலையோடு சேர்ந்தே இருந்தது. அதற்குத்தான் இரண்டாவது சோதனை: நேர்தூரத்தில் 5 மீட்டருக்குள் வேறு சாலை இருந்தும், அந்த இடத்துக்குச் சாலைவழியே 200 மீட்டருக்குமேல் சுற்றவேண்டிய தொங்கும் முனைகளைப் பட்டியலிடுவது.

அந்தப் பட்டியலில் மிஞ்சுபவற்றைத் திரையில் தீர்க்க முடியாது. முனைக்கும் அருகிலுள்ள சாலைக்கும் நடுவே மரநிழல் விழுந்திருக்கும். அதற்குக் கீழே இருப்பது சுவரா, சைக்கிள் மட்டும் நுழையும் சந்தா, லாரி போகும் வழியா என்று தெருவுக்குப் போய்ப் பார்த்தவர் சொன்னபிறகுதான் அந்தக் கோட்டை நீட்டுவேன்.