ரவுண்ட் ஆஃப்: சரிபாதியை எந்தப் பக்கம் தள்ளுவது?

பில்லின் அடியில் வரும் 'ரவுண்ட் ஆஃப்' என்பதில் உள்ள 'ரவுண்ட்', லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வட்டம் என்ற பொருளோடு, குறையில்லாத, முழுமையான என்ற பொருளும் அதற்கு உண்டு. அதனால் தமிழில் 'முழுமையாக்கல்' என்பதே பொருந்தும். 'தோராயம்' என்பது குத்துமதிப்பு. இங்கே நடப்பதோ விதிப்படி நடப்பது.

62.40 என்றால் 62, 62.60 என்றால் 63. இதில் யாருக்கும் சண்டையில்லை. சரியாக 62.50 வரும்போதுதான் இரண்டு வழி. எப்போதும் மேலே ஏற்றுவது 'பாதி மேல்'. அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது 'பாதி இரட்டைக்கு'. பின்னதை வங்கியர் முறை என்றும் சொல்வார்கள்.

குமுளி ஏலக்காய்க் கடை ஒன்று கம்பத்துக் கடைகளுக்கு 1,250, 1,270, 1,290, 1,310 ரூபாய்க்கு நான்கு பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் தாண்டுவதால் 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. வரி முறையே 62.50, 63.50, 64.50, 65.50, கூட்டினால் 256. பில்லுக்குப் பில் 'பாதி மேல்' போட்டால் 63, 64, 65, 66 என்று 258 ஆகிவிடும். 'பாதி இரட்டைக்கு' போட்டால் 62, 64, 64, 66. கூட்டுத்தொகை 256-லேயே நிற்கிறது. ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதுதான் காரணம். லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும் மென்பொருள் இதை விரும்புவது இதனால்தான். மிதவைப் புள்ளிக் கணக்குக்கான ஐ.இ.இ.இ. 754 தரத்திலும் இதுவே இயல்பு முறை.

ஆனால் கணக்கருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்கிறது. அவர் போடும் ஒவ்வொரு பில்லும் தனித்து நிற்க வேண்டும். வாங்குகிறவர் கையால் போட்டுப் பார்த்தாலும் அதே தொகைதான் வர வேண்டும். (எல்லையில் ஒரு வேடிக்கை: அதே 1,250 ரூபாய்ச் சரக்கைக் குமுளிக்குள்ளேயே விற்றால் மத்திய வரி, மாநில வரி இரண்டும் தலா 31.25. முழுமையாக்கினால் 31 + 31 = 62, எல்லை தாண்டியதைவிட ஒரு ரூபாய் குறைவு.)

பிசகு வருவது கருவி மாறும்போது. எக்செலின் `ROUND(62.5,0)` 63 தரும். பைத்தானின் `round(62.5)` 62 தரும். சரக்கு திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டால் இன்னொரு சிக்கல்: -62.5-க்கு எக்செல் -63, ஜாவாஸ்கிரிப்டின் `Math.round` -62. பில்லில் ஏற்றிய 63 முழுதாகக் கழியாமல் ஒரு ரூபாய் தொங்கும். பைத்தானில் முறையைப் பெயர் சொல்லியே எழுதிவிடலாம்:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
Decimal("62.5").quantize(Decimal("1"), ROUND_HALF_UP)  # 63
```

இது -62.5-ஐயும் -63 ஆக்கும். தொகையை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையேல் 2.675 போன்ற எண் இரும வடிவில் ஒரு துளி குறைவாகவே பதிவாகும். பிறகு அது சரிபாதியே அல்ல, இரண்டு தசமத்துக்கு 2.67 என்றே இறங்கிவிடும்.