‘இருப்பு வெட்டுச் சிக்கல்’ அன்று, துண்டுக் கணக்கு

ஆலையிலிருந்து ஒரே நீளத்தில் வரும் குழாய்களையோ கம்பிகளையோ நமக்குத் தேவையான அளவுகளில் துண்டுபோட்டு, மிச்சம் மிகக் குறைவாக நிற்கும்படி திட்டமிடுவதை ஆங்கிலத்தில் ‘கட்டிங் ஸ்டாக் பிராப்ளம்’ என்கிறார்கள். இதற்கு ‘இருப்பு வெட்டுச் சிக்கல்’ என்ற பெயர்ப்பைப் பல முறை பார்த்தும் பொறுத்திருந்தேன். அண்மையில் ஒரு பாடக் குறிப்பில் ‘பங்கு வெட்டுச் சிக்கல்’ என்றே கண்டபோது, இனியும் எழுதாமலிருப்பது முறையன்று என்று பட்டது.

‘ஸ்டாக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் மரத்தின் அடித்தண்டு, கட்டை என்று பொருள். சரக்கிருப்பும் நிறுவனப் பங்கும் பின்னால் வந்தவை. சோவியத் கணிதவியலர் கந்தரோவிச் 1939-லேயே இவ்வகைக் கணக்கை எழுப்பினார். கில்மோர், கோமரி இருவரும் 1961-இல் இதற்குத் தந்த தீர்வுமுறை புகழ்பெற்றது. அங்கெல்லாம் ‘ஸ்டாக்’ என்பது துண்டுபோட வேண்டிய மூலப்பொருள்தான். பங்குச் சந்தைக்கு அங்கே வேலையில்லை.

‘பங்கு’ வெறும் பிழை, அதை விட்டுவிடலாம். ‘இருப்பு வெட்டு’ அதைவிடத் தீங்கானது, ஏனெனில் அது சரிபோலத் தோன்றுகிறது. தமிழில் ஒரு பெயரை அடுத்து ‘வெட்டு’ வந்தால் பெரும்பாலும் அது குறைப்பையோ நிறுத்தத்தையோ குறிக்கும். மின்வெட்டில் யாரும் மின்சாரத்தைத் துண்டுதுண்டாக நறுக்குவதில்லை. ஊதிய வெட்டிலும் அப்படியே. எனவே ‘இருப்பு வெட்டு’ என்று படிக்கும் ஒருவர், கிடங்கில் உள்ள சரக்கைக் குறைப்பது எப்படி என்று சொல்லப் போகிறார்கள் என எண்ணினால், பிழை அவருடையதன்று, பெயர்த்தவருடையது. ‘சிக்கல்’ என்பதும் தேவையில்லை. விடை காண வேண்டிய ஒன்றைப் பள்ளியிலிருந்தே நாம் ‘கணக்கு’ என்றுதான் சொல்லி வருகிறோம்.

‘வெட்டு’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 6 மீட்டர் நீளமுள்ள கம்பிகளிலிருந்து 2.6 மீட்டரில் 4 துண்டுகளும் 1.7 மீட்டரில் 8 துண்டுகளும் தேவை என்று கொள்வோம். பெரிய துண்டுகளை முதலில் எடுத்துவிடலாம் என்று தொடங்கினால், ஒரு கம்பிக்கு இரண்டாக 2 கம்பிகள் போகும். ஒவ்வொன்றிலும் 80 சென்டிமீட்டர் நிற்கும், அதில் 1.7 அடங்காது. சிறியவை எட்டும் ஒரு கம்பிக்கு மூன்றுவீதம் இன்னும் 3 கம்பிகளைக் கேட்கும். ஆகமொத்தம் 5. மாறாக, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பெரியதும் இரண்டு சிறியவையும் எடுத்தால் 2.6, 1.7, 1.7 சேர்ந்து சரியாக 6 மீட்டர் ஆகிறது. 4 கம்பிகளே போதும், மிச்சமே இல்லை.

கம்பியைக் கத்தரிபோல் நறுக்கும் கருவியில் இது நடக்கும். அதே அளவுகளைக் குழாயில் வாள் கொண்டு அறுத்தால் நடக்காது. வாளின் தடிப்பு 3 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வோர் அறுப்பிலும் அந்த 3 மில்லிமீட்டர் தூளாகிப் போகிறது. இரண்டு அறுப்புக்குப் பின் கையில் நிற்கும் கடைசித் துண்டு 1.7 மீட்டர் இராது, 1.694 மீட்டர்தான் இருக்கும். தாளில் 4 என்று வந்த விடை பட்டறையில் 5 ஆகிவிடுகிறது. வெட்டுவதும் அறுப்பதும் தமிழுக்கு வேறுவேறு வினைகள். இந்தக் கணக்கின் விடையே அந்த வேறுபாட்டில் மாறும்போது, இரண்டில் ஒன்றைப் பொதுப்பெயரில் வைப்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே இரண்டுக்கும் பொதுவான ‘துண்டுபோடுதல்’ என்பதைக் கொண்டு ‘துண்டுக் கணக்கு’ என்பேன். விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘முழுநீளத் துண்டுக் கணக்கு’ என்னலாம். வெட்டாத ஒரு குழாயைப் பட்டறைகளில் ‘ஒரு லென்த்’ என்கிறார்கள். ‘முழுநீளம்’ அதே பொருளைத் தரும். எஞ்சுவதை எல்லாம் ‘கழிவு’ என்பதையும் ஏற்பதற்கில்லை. பெரியவற்றை முதலில் எடுக்கும் அந்த முறைப்படி அறுத்தால், ஐந்தாவது குழாயில் இரண்டு சிறிய துண்டுகள் போக ஏறத்தாழ 2.59 மீட்டர் நிற்கிறது. அதை எடுத்துவைத்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்துவார்கள், அது மிச்சத்துண்டு. தூளாய்ப் போனது மட்டுமே சேதாரம். இரண்டையும் ‘கழிவு’ என ஒரே கூடையில் போடும் மொழிபெயர்ப்பாளர் அறுக்கும் இடத்தை எட்டிப் பார்த்ததில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

‘துண்டு விழுதல்’ என்றால் பற்றாக்குறை என்றல்லவா பொருள், குழப்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குழப்பாது, ‘துண்டு’ தனித்து அப்பொருள் தருவதில்லை, ‘விழு’ சேர்ந்தால்தான் தரும். அப்படியே பார்த்தாலும், அந்த 1.694 மீட்டர்க் குழாயில் 6 மில்லிமீட்டர் துண்டு விழத்தானே செய்கிறது.