பிரியாணிக்கும் 30, சம்பலுக்கும் 30: யார் குற்றவாளி?

தாதிமைப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் தங்கை ஒருத்தி பாடக் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கற்பனைக் கணக்குதான். ஓர் அலுவலகத்தின் தீபாவளி விருந்து, ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. பிரியாணி, இறால் சம்பல், வெள்ளரிப் பச்சடி, பாயசம். வந்தவர்கள் 81 பேர். அவர்களில் 32 பேருக்கு மறுநாளுக்குள் வயிற்றுப்போக்கு. "அக்கா, நோயாளிகள்ல 30 பேர் பிரியாணி சாப்பிட்டிருக்காங்க. சம்பல் சாப்பிட்டவங்களும் 30 பேர்தான். அப்புறம் ஏன் விடையில சம்பல் மட்டும் குற்றவாளி?"

நல்ல கேள்வி. அதற்குப் போவதற்கு முன், அவள் குழப்பிக்கொண்ட இரண்டு சொற்களை முடித்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு கார் நிறுத்துமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எத்தனை கார்கள் புதிதாக உள்ளே வருகின்றன என்பது இன்சிடென்ஸ். இந்த நிமிடம் உள்ளே எத்தனை நிற்கின்றன என்பது பிரிவலன்ஸ். மணிக்கு 60 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நின்றால், எப்போது எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 30 கார்கள் இருக்கும். காய்கறி வாங்க வந்தவர்கள் அப்படியே சாப்பிட உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆக்கினால் 120. வருகிற வேகம் மாறவே இல்லை, தங்கும் நேரம்தான் மாறியது. நீரிழிவும் இப்படித்தான். புதிதாக நோய் வருபவர்கள் கூடாவிட்டாலும், நல்ல சிகிச்சையால் நோயோடு நீண்ட காலம் வாழ்பவர்கள் கூடினால் பிரிவலன்ஸ் ஏறும். அந்த ஏற்றம் கெட்ட செய்தியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

விருந்துக்கு வருவோம். வந்த 81 பேரில் ஒருவருக்குச் சனிக்கிழமையே வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. அவர் புதிய நோயாளி ஆக முடியாது, ஆகவே கணக்கிலிருந்து விலக்கவேண்டும். மிச்சம் 80. அவர்களில் 32 பேர் புதிதாக நோயுற்றார்கள் என்றால் 40 விழுக்காடு. விருந்து போன்ற சிறு கால அளவுக்கான இந்த இன்சிடென்ஸைத்தான் அட்டாக் ரேட் என்கிறார்கள். வியாழக்கிழமை காலையில் போய் "இப்போது யாருக்கு வயிறு சரியில்லை?" என்று கேட்டால் எட்டுப் பேர்தான் கை தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பிரிவலன்ஸ், 10 விழுக்காடு. மிச்சப் பேர் குணமாகிவிட்டார்கள். காரணத்தைத் தேடும்போது இந்த 10 உதவாது.

எண்ணத் தொடங்குவதற்கு முன் யாரை நோயாளி என்பது என்று முடிவு செய்யவேண்டும். 'விருந்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர்' என்று இந்தக் கணக்கில் எழுதியிருந்தது. வரையறையில் 'சம்பல் சாப்பிட்டவர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போச்சு. எதை நிரூபிக்கப் போகிறோமோ அதை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டதாக ஆகிவிடும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். தங்கை நோயாளிகளிடம் மட்டும் பேசினாள். துப்பு இருப்பது, ஒன்றும் ஆகாமல் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டவர்களிடம். அவர்கள் 48 பேர்.

பிரியாணியை 75 பேர் சாப்பிட்டார்கள், 30 பேர் நோயுற்றார்கள்: 40 விழுக்காடு. சாப்பிடாதவர்கள் ஐந்து பேர், இரண்டு பேர் நோயுற்றார்கள்: அதுவும் 40 விழுக்காடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். சம்பலை 50 பேர் சாப்பிட்டார்கள், 30 பேர் நோயுற்றார்கள்: 60 விழுக்காடு. சாப்பிடாத 30 பேரில் இரண்டே பேர்: 6.7 விழுக்காடு. 60-ஐ 6.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9. சம்பல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு. இதுவே ரிலேட்டிவ் ரிஸ்க். மேலே உள்ள 30 இரண்டுக்கும் ஒன்றுதான், கீழே உள்ள எண்தான் வேறு. ஆனாலும் பிரியாணியை விடுவிக்கும்போது கொஞ்சம் தயங்கவேண்டும். சாப்பிடாதவர்கள் ஐந்து பேர்தான் என்பதால், ஒரே ஒருவர் கூடியிருந்தால் 40 என்பது 60 ஆகியிருக்கும்.

அடுத்து பச்சடி. சாப்பிட்ட 60 பேரில் 28 பேருக்கு நோய், 46.7 விழுக்காடு. சாப்பிடாத 20 பேரில் நான்கு பேர், 20 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல்! அப்படியானால் பச்சடியும் கூட்டாளியா? இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. சம்பல் காரம் என்பதால் சம்பல் போட்டுக்கொண்டவர்கள் பச்சடியையும் அள்ளிக்கொண்டார்கள். இரண்டையும் பிரிக்க ஆட்களைச் சம்பல் சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று தனித்தனியாக உட்காரவைத்து எண்ணவேண்டும். சம்பல் சாப்பிட்ட 50 பேரில் பச்சடியும் சாப்பிட்டவர்கள் 45, நோய் 27 பேருக்கு: 60 விழுக்காடு. பச்சடி தொடாதவர்கள் ஐந்து, நோய் மூன்று பேருக்கு: அதே 60. சம்பல் சாப்பிடாத பக்கம் பச்சடி சாப்பிட்ட 15 பேரில் ஒருவர், சாப்பிடாத 15 பேரிலும் ஒருவர். பச்சடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றமே இல்லை. குற்றவாளியோடு சேர்ந்து சுற்றியதுதான் அது செய்த தப்பு. உண்மைத் தரவு இவ்வளவு துப்புரவாக வராது, இது ஆசிரியர் சீவி வைத்த எண்.

'இறாலும் பாலும் சேர்ந்தால் வயிற்றுக்கு ஆகாது, பாயசம்தான் கெடுத்தது' என்று சொல்ல எல்லா விருந்திலும் ஒரு பெரியவர் இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம். சம்பல் சாப்பிட்டவர்களில் பாயசம் குடித்தவர், குடிக்காதவர் என்று இதே மாதிரி பிரித்துப் பார்த்தால் போதும்.

சரி, சம்பலில் என்ன? சாப்பிட்டதற்கும் நோய் தொடங்கியதற்கும் இடையிலான நேரம் கணக்கில் நடுவாக 17 மணி. ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியோடு வந்திருக்கும். கடலுணவும் இந்த நேரமும் சேர்ந்தால் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் மேல் சந்தேகம் போகும், மலப் பரிசோதனையில் கிருமி கிடைத்தால்தான் உறுதி. 2009 ஏப்ரலில் கேலாங் சிராயில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று இருவர் இறந்தது இதே கிருமியால்தான். நன்றாகச் சமைத்தால் சாகும் கிருமி இது. பச்சை இறாலை வைத்த பலகையோ தட்டோ சமைத்ததைத் தொட்டதா என்று சமையலறையில் கேட்கவேண்டிய கேள்வி அதனால் வருகிறது.

உணவங்காடியில் நடந்தால் இந்த வழி அப்படியே செல்லாது. அங்கே சாப்பிட்ட எல்லாரின் பட்டியலும் யாரிடமும் இல்லை, ஆகவே அட்டாக் ரேட்டும் இல்லை. நோயுற்றவர்களையும் நோயில்லாத வேறு சிலரையும் எடுத்து, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒப்பிடுவார்கள். நோயுற்றவர்களில் சாப்பிட்டவர்களைச் சாப்பிடாதவர்களால் வகுத்து, அதை நோயில்லாதவர்களின் அதே விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது ஆட்ஸ் ரேஷியோ. 2015-இல் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி பரவியபோது பச்சை நன்னீர் மீன் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட ஒப்பீட்டால். அவ்வகை மீனைச் சமைக்காமல் விற்பது அந்த ஆண்டு டிசம்பரிலேயே தடைசெய்யப்பட்டது.

தங்கை விடாமல் கேட்டாள்: சம்பலே சாப்பிடாமல் இரண்டு பேர் படுத்தார்களே? சம்பல் கரண்டியைப் பிரியாணியில் போட்டிருக்கலாம். சாப்பிட்டதை மறந்திருக்கலாம். அல்லது விருந்துக்குச் சம்பந்தமே இல்லாத வயிற்றுப்போக்காக இருக்கலாம், 80 பேரில் அப்படி ஓரிருவர் இருப்பது வியப்பில்லை. அந்த இரண்டு பேரையும் அழிக்காமல் அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.